ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

தம்மம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. சித்திரை மாதம். விடிந்தும் விடியாத நேரம். தெருவில் மரச்சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தம் இன்னும் தொடங்கவில்லை. அடுப்படியில் அக்கா மகள் தன் ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நள்ளிரவிலிருந்து அவனுக்குப் பேதி. ஐந்தாவது முறையும் வடிகஞ்சி போலத் தண்ணீராகவே போயிருந்தது.

"பல்லு மொளைக்குதுல்ல, அதான் வயித்தால போவுது" என்றாள் அக்கா. இந்த வயதில் பல்லும் முளைக்கும். தரையில் கிடக்கும் எல்லாம் வாய்க்கும் போகும். பேதி வருவது இரண்டாவதால்தான்.

"தாகம் தாங்கல மாமா இவனுக்கு. இதைக் கரைச்சிட்டேன், குடுத்துடவா?" என்று அக்கா மகள் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காட்டினாள். மேடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் காலி உறை கிடந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லி அதில் அச்சிட்டிருந்தது. முழுப் பொட்டலமும் அந்த ஒரு டம்ளருக்குள் இருந்தது. வாங்கிக் கீழே ஊற்றினேன்.

பொட்டலம் வாங்கத் தெரியாத வீடு இன்று அநேகமாக இல்லை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள், மருந்துக் கடையில் சில ரூபாய்தான். பிசகுவது தண்ணீரின் அளவில். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு செறிவாகிவிடும். அவ்வளவு உப்பான தண்ணீர் குடலுக்குள் போனதும், ரத்தத்தில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். பேதி அதிகமாகும். உடம்பில் ஏறிய உப்பு மூளையின் உயிரணுக்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். குழந்தை அடங்காத தாகத்தோடு சிணுங்கிக்கொண்டே இருக்கும், தொட்டாலே துடிக்கும், சில சமயம் வலிப்பும் வரும். தாகம் என்று அதே கரைசலை இன்னும் ஒரு டம்ளர் கொடுப்பார்கள் என்பதுதான் இதில் பயங்கரம்.

இந்தப் பொடியில் இருப்பவை நான்கு. ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். பொட்டாசியம் பேதியில் வெளியேறுவதை ஈடுகட்டும். சிட்ரேட், ரத்தத்தில் அமிலம் கூடுவதைச் சரிசெய்யும். தண்ணீரை உள்ளே கொண்டுபோகும் வேலை உப்புக்கும் குளுக்கோஸுக்கும் உரியது. சிறுகுடலின் உட்சுவரில் ஒரு வாசல் உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உள்ளே நுழையும்போது இரண்டு சோடியத்தையும் கூட்டிக்கொண்டுதான் நுழையும். அவை போன பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியால் குடல் எவ்வளவு கலங்கினாலும் இந்த வாசல் முழுக்க அடைபடுவதில்லை. காலரா நச்சு குடலிலிருந்து தண்ணீரைப் பீறிடச் செய்யும், ஆனால் இந்த வாசலை ஒன்றும் செய்யாது. ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சிகளின் நுனியை அரித்துவிடும், ஆனாலும் மிச்சமிருக்கும் உயிரணுக்கள் வேலை செய்துகொண்டிருக்கும்.

வெறும் தண்ணீர் இந்த வாசலில் நின்றுவிடும், கூட்டிப்போக உப்பும் குளுக்கோஸும் அதில் இல்லை. சர்க்கரை அதிகமான ஜூஸும் சோடாவும் நேர்மாறாக, தண்ணீரை வெளியே இழுக்கும். "புள்ளைக்கு இனிப்பா இருக்கட்டும்" என்று கரைசலில் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. முன்பிருந்த பொட்டலத்தில் உப்பும் குளுக்கோஸும் இன்றையதைவிடக் கூடுதலாக இருந்தன. அவற்றைக் குறைத்தால் வாந்தியும் குறைகிறது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய குழந்தைகளும் குறைகிறார்கள் என்று தெரிந்த பிறகு, 2002-இல் உலக சுகாதார நிறுவனம் இன்றைய அளவுக்கு மாறியது.

டிரிப்ஸ் இல்லாமல் வீட்டு மனிதர் கையாலேயே காப்பாற்றலாம் என்பது தெரியவந்த இடம் மேற்கு வங்கத்து எல்லை ஊரான பங்காவ். 1971 வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்து, காலரா பரவியது. மருத்துவமனைத் தரையில் நோயாளிகள் நெருக்கிப் படுத்திருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து, டிரம்களில் கரைத்து வைத்து, குவளையில் பிடித்துக் கொடுக்கும் வேலையை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் விட்டார். அதுவரை 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, அந்தக் கரைசல் குடித்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. அங்கே கொடுத்தவர்கள் படிப்பில்லாத தாய்மாரும் அண்ணன் தம்பிகளும்தான். ஆனால் கலந்தவர்கள் அளந்து கலந்தார்கள். நம் வீட்டில் இரண்டு வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது.

அன்று காலை அக்கா வீட்டு டம்ளர்களை வரிசையாக வைத்து அளந்து பார்த்தோம். ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் தண்ணீர், தண்ணி குடிக்கும் டம்ளரில் நாலரை முறை நிரம்பியது. காப்பி டம்ளரில் ஏழு முறை. 'அஞ்சு டம்ளர் தண்ணி' என்ற கணக்கு வீட்டுக்கு வீடு ஏன் மாறிவிடுகிறது என்று அக்காவே கண்ணால் பார்த்தாள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. அதை அந்தக் காப்பி டம்ளரில் கரைத்தாலும் நாற்பது சதவீதம் செறிவு கூடிவிடும். அதனால் ஒரு லிட்டர் பாட்டில்தான் நம்பகமான அளவு. கடையில் வாங்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டம். கொஞ்சம் கூடிப்போனால் பாதகமில்லை, குறையக் கூடாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை அந்த பாட்டிலில் அளந்து கழுவிய குண்டானில் ஊற்றினோம். இரண்டாவது பொட்டலம் முழுவதும் அதில் கொட்டி, மணல்போல எதுவும் அடியில் நிற்காதபடி கரைத்தோம். பாதிப் பொட்டலம் பாதி லிட்டருக்கு என்று பிரிப்பது வேண்டாம். நான்கு பொடிகளும் சமமாகப் பிரியும் என்று சொல்ல முடியாது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கவும் கூடாது. அக்கா மகளை ஒரு கரண்டி குடித்துப் பார்க்கச் சொன்னேன். "கண்ணீர் மாதிரி இருக்கு மாமா" என்றாள். அதுதான் சரி. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும்.

பொட்டலமே இல்லாத இரவில், ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி தூள் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. பொட்டாசியம் இதில் இல்லை. பொட்டலம் கிடைக்கும் வரைக்குத்தான் இது. கல்லுப்பு கரண்டியில் வேறு கணக்காக நிற்கும், அதை வைத்து அளக்கக் கூடாது.

இனி கொடுப்பது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. தாகத்தில் இருக்கும் குழந்தை டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடிக்கும், உடனே வாந்தி எடுக்கும். அவனும் அதைத்தான் செய்யப் பார்த்தான். தேக்கரண்டியால் நிமிடத்துக்கு ஒன்றாக ஊட்டினாள். ஒரு கரண்டி 5 மில்லி. கால் மணி நேரத்தில் 75 மில்லி உள்ளே போய்விடும். எட்டாவது கரண்டியில் வாந்தி வந்தது. "இதுதான் ஒத்துக்கலையே, நிறுத்திடு" என்றாள் அக்கா. நிறுத்தவில்லை. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாகத் தொடங்கினோம். வாந்தி நின்றது.

பத்து மணிக்குள் மறுபடி இரண்டு முறை போனான். அக்காவுக்கு நம்பிக்கை விட்டுவிட்டது. "குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டே இருக்கே தம்பி. தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்." பல வீடுகளில் கரைசலைக் கைவிடும் கட்டம் இதுதான். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. பேதி தன் போக்கில் இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம் ஓடும். அதுவரை உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. எத்தனை முறை போனான் என்று எண்ணினால் பயம்தான் மிஞ்சும். பார்க்க வேண்டியது வேறு. அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, சிறுநீர் போகிறானா. தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து விட்டேன். சட்டென்று படிந்தது. பதினொரு மணிக்கு ஜட்டியை நனைத்தான்.

அந்த மடிப்பு மெதுவாகப் படிந்திருந்தால், கண் குழி விழுந்திருந்தால், வீட்டுக் கணக்கு போதாது. அப்போது எடையில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பத்து கிலோ இருக்கும் இவனுக்கு 750 மில்லி. அதைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் கண்காணிப்பில் செய்வதே முறை. குழந்தை துவண்டு கண் திறக்காமல் கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் கக்கினால், மலத்தில் ரத்தம் வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால், ஒரு நிமிடமும் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். போகும் வழியிலும், விழுங்க முடிகிற குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே போகலாம்.

மதியம் அக்கா ஜவ்வரிசிக் கஞ்சி வைத்தாள். குச்சிக்கிழங்கு விளையும் சீமையில் வயிற்றுக்கு ஆகாத பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். வைத்ததில் தப்பில்லை. ஆனால் ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. கரைசலுக்குப் பதிலாக அது ஆகாது. கரைசலோடு சேர்த்துத் தாய்ப்பால், கொஞ்சம் தயிர் சாதம், இட்லி என்று வழக்கமான சாப்பாடும் கொடுத்தோம். பட்டினி போட்டால் அரிபட்ட குடல் ஆறுவது தாமதமாகும்.

சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனபோது ஓர் அட்டை டப்பா பானத்தைக் கடைப்பையன் எடுத்து நீட்டினான், பழச் சுவையில். இப்படிப்பட்ட இனிப்புப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்து விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாகப் போராடியதன் பலன் அது. உறையில் அந்த நான்கு பொருள்களின் அளவும் மேலே சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். நான் பொடிப் பொட்டலங்களையும் துத்தநாக மாத்திரையையும் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை குண்டானில் மிச்சமிருந்ததை அக்கா முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே லிட்டர் பாட்டிலை எடுத்துப் புதிதாக அளந்தாள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் அதிலேயே கிருமி வளரும். மூன்றாம் நாள் பேதி நின்றுவிட்டது. துத்தநாக மாத்திரை மட்டும் தினமும் 20 மில்லிகிராம், ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்து, 14 நாள் கொடுக்க வேண்டும். குடல் சீராகவும், அடுத்த சில மாதங்களில் பேதி மறுபடி வருவது குறையவும் அது உதவும். பேதி நின்ற அன்றே அதையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, சுவர்க் காலண்டரில் பதினான்கு கட்டங்களைப் பென்சிலால் சுழித்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் போன் செய்தபோது, "இன்னும் நாலு இருக்கு தம்பி" என்றாள் அக்கா.