பெயர் ஒருவருடையது, மென்பொருள் இன்னொருவருடையது

ஒரு நிறுவனம் உருவாக்கிய மென்பொருளை இன்னொரு நிறுவனம் விற்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பொருளின் பெயர் மாறாது. டேலி பார்ட்னரிடம் போய் வாங்குபவர், தான் வாங்குவது டேலி என்று தெரிந்துதான் வாங்குகிறார். விற்பவர் ரீசெல்லர். இரண்டாவது வகையில் பெயரும் மாறிவிடும். உள்ளே ஓடுவது தயாரிப்பாளரின் மென்பொருள். திரையில் தெரிவதோ விற்பவரின் பெயரும் முத்திரையும். இதற்கு ஒயிட் லேபிள் என்று பெயர்.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1981-இல் ஐபிஎம் தன் தனிக்கணினியோடு கொடுத்த பிசி டாஸ், மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. ஐபிஎம் தன் பெயரில் அதை விற்கலாம். ஆனால் அதே மென்பொருளை எம்எஸ் டாஸ் என்ற பெயரில் மற்றக் கணினி நிறுவனங்களுக்கு விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நிறுவனம் பிறகு அடைந்த வளர்ச்சியில் இந்த ஒரு நிபந்தனைக்குப் பெரும் பங்கு உண்டு. தனியுரிமை உண்டா, எந்தப் பகுதிக்கு, எத்தனை காலத்துக்கு என்பது இன்றும் இத்தகைய ஒப்பந்தங்களில் முதலில் பேசப்படுகிறது.

ஒப்பந்தத்தின் மற்றப் பகுதிகளை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பது எளிது. கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிறுவனம் பல் மருத்துவமனைகளுக்கான மென்பொருள் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட், சிகிச்சைக் குறிப்பு, பில் எல்லாம் அதில் அடக்கம். இணையம் வழியே மாதச் சந்தாவில் இயங்குகிறது. மதுரையில் கணினி விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடை, அதைத் தன் பெயரில் தென்மாவட்டங்களில் விற்க விரும்புகிறது.

விலையில் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, மருத்துவமனைக்குப் பில் போடுவது யார் என்பது. தயாரிப்பாளரே பில் போட்டுக் கடைக்குக் கமிஷன் கொடுத்தால் கடை வெறும் முகவர். மருத்துவமனையின் பெயர் தயாரிப்பாளரின் கணக்கில்தான் ஏறுகிறது. ஒயிட் லேபிளில் பெரும்பாலும் நடப்பது வேறு. கடை மொத்த விலைக்கு வாங்கித் தன் விலைக்கு விற்கிறது. தயாரிப்பாளரின் பட்டியல் விலை மாதம் 1,500 ரூபாய், கடைக்கு 40 சதவீதத் தள்ளுபடியில் 900 ரூபாய், கடை விற்பது 1,400 ரூபாய்க்கு என்று கொள்ளலாம். ஒரு மருத்துவமனைக்கு 500 ரூபாய் மிச்சம். இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். கடை, தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் மருத்துவமனையால் அப்படிக் கழிக்க முடியாது. ஆகவே 1,400 ரூபாய் என்று பேசும் விலை, மருத்துவர் கையிலிருந்து போகும்போது 1,652 ரூபாய்.

கணக்கைப் புரட்டிப் போடுவது குறைந்தபட்சக் கொள்முதல் என்ற நிபந்தனை. நான்காம் மாதத்திலிருந்து விற்றாலும் விற்காவிட்டாலும் 40 சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்று வைத்தால், கடை மாதம் 36,000 ரூபாய் கட்டியாக வேண்டும். 25 மருத்துவமனைகள் மட்டும் சேர்ந்திருந்தால் வரவு 35,000 ரூபாய். போன் எடுக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன்பே 1,000 ரூபாய் நட்டம். 60 மருத்துவமனைகள் சேர்ந்தால் வரவு 84,000, செலவு 54,000, மிச்சம் 30,000. சம்பளம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே தள்ளுபடி சதவீதத்தைப் பேரம் பேசுவதைவிட, அந்தக் குறைந்தபட்சம் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக உயர்கிறது என்று பேரம் பேசுவது கடைக்கு அதிகப் பயன் தரும். மொத்த விலை உயர்வுக்கும் ஓர் எல்லை வேண்டும். கடை மருத்துவமனைகளிடம் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிட்டு, தயாரிப்பாளருக்கு மாதாமாதம் கட்டுகிறது என்றால், நடுவில் வரும் ஒவ்வொரு உயர்வும் கடையின் தலையில்தான் விழும்.

கடை எந்த விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டளையிடலாமா? பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்துவது சிக்கல். மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது சந்தைப் போட்டியைக் கெடுக்குமானால் அதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடிக்கு வரம்பு விதித்ததாக 2021-இல் மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கார் விற்பனையில் எழுந்த வழக்குதான் என்றாலும், சட்டப்பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது.

அடுத்தது பெயர். முத்திரையையும் நிறத்தையும் மாற்றுவது எளிய வேலை. மறந்துபோகும் இடங்களில்தான் தயாரிப்பாளரின் பெயர் எட்டிப் பார்க்கும்: கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி, பிழைச்செய்திப் பக்கம், உதவிக் குறிப்புகளில் உள்ள படங்கள், ஆப் ஸ்டோரில் வெளியிட்டவர் பெயர். ஆப்பிள் நிறுவனத்தின் விதி, ஒரே வார்ப்பிலிருந்து பலருக்கும் செய்து கொடுக்கப்படும் செயலிகளை அவற்றின் உள்ளடக்கத்துக்குச் சொந்தக்காரரே நேரடியாக வெளியிட வேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் ஒரே செயலியை இருபது பெயரில் தன் கணக்கிலிருந்து ஏற்றினால் அது நிராகரிக்கப்படக்கூடும். எனவே கடைக்குச் சொந்தமாக டெவலப்பர் கணக்கு வேண்டும்; அதன் கட்டணத்தை யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இணைய முகவரியும் அப்படியே. மருத்துவமனை ஊழியர் தினமும் நுழையும் முகவரி கடையின் டொமைனில் இருக்கும். `CNAME` என்ற பதிவு அதைத் தயாரிப்பாளரின் சர்வருக்குத் திருப்பிவிடும். அந்தப் பதிவை மாற்றும் சாவி கடையிடம் இருக்கிறது. நோயாளிகளின் தரவு தயாரிப்பாளரின் சர்வரில் இருக்கிறது. இணக்கமாக இருக்கும்வரை இதை யாரும் கவனிப்பதில்லை.

சப்போர்ட் பொறுப்பைப் பொதுவாக மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். பிரின்டர் வேலை செய்யவில்லை, பில்லில் முகவரி தப்பாக வருகிறது, புதிய ரிசப்ஷனிஸ்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பவை முதல் அடுக்கு. அமைப்புகளை ஆராய்ந்து தீர்க்க வேண்டியவை இரண்டாவது. நிரலிலேயே உள்ள பிழை மூன்றாவது. முதல் அடுக்கு கடைக்கு, மூன்றாவது தயாரிப்பாளருக்கு என்பதில் சண்டை வராது. இரண்டாவதில்தான் வரும். கடை எல்லாவற்றையும் மென்பொருள் பிழை என்று தள்ளிவிடும். தயாரிப்பாளர் எல்லாவற்றையும் பயிற்சிக் குறைவு என்று திருப்பி அனுப்புவார். ஒரு புகாரை மேலே அனுப்பும்முன் கடை என்னென்ன சோதித்திருக்க வேண்டும், எந்தத் திரைப்படத்தையும் விவரத்தையும் இணைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு சேர்த்தால் இந்த இழுபறி பெருமளவு குறையும். 

வாக்குறுதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மாதத்தில் 99.9 சதவீத நேரம் மென்பொருள் இயங்கும் என்று கடை மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம்தான் அது நிற்கலாம். தயாரிப்பாளர் கடைக்குக் கொடுத்த உறுதி 99.5 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம் நிற்கலாம். நடுவில் உள்ள ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியது கடை மட்டுமே. சனிக்கிழமை மாலையில் பல் மருத்துவமனையில் கூட்டம் அதிகம். தயாரிப்பாளரின் அலுவலகமோ சனிக்கிழமை மதியத்தோடு மூடியிருக்கலாம். ஒப்பந்தத்தில் ‘எட்டு மணி நேரத்துக்குள் பதில்’ என்று இருந்து, அது எட்டு வேலை மணி நேரமாக இருந்தால், பதில் திங்கட்கிழமை வரும்.

இனி, வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. மருத்துவமனை உண்மையில் யாருக்கும் சொந்தமல்ல. ஒப்பந்தங்களில் இந்தச் சொல் குறிப்பது, யாருடைய நிபந்தனைகளை வாடிக்கையாளர் ஏற்றார், யார் பணம் வாங்குகிறார், யார் அவரைத் தொடர்புகொள்ளலாம், புதுப்பிப்பது யார் என்ற சில உரிமைகளின் தொகுப்பைத்தான். ஒயிட் லேபிளில் இவை கடையிடம் இருப்பது வழக்கம். தயாரிப்பாளர் நேரே அணுகமாட்டேன் என்று உறுதி கொடுப்பார். தரவு இந்தத் தொகுப்பில் சேராது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில், நோயாளிகளின் விவரங்களுக்குப் பொறுப்பாளி மருத்துவமனை. தயாரிப்பாளர் அதன் சார்பில் அந்த விவரங்களைக் கையாள்பவர் மட்டுமே. கடையும் அவற்றைத் திறந்து பார்க்கிறது என்றால் அதுவும் அப்படியே.

ஒப்பந்தம் முடியும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1980-களின் இறுதியில் சைபேஸ் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளை எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் விற்கத் தொடங்கியது. 1994-இல் இருவரும் பிரிந்தார்கள். விண்டோஸுக்கான நிரல் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. எஸ்க்யூஎல் சர்வர் என்றதும் வாங்குபவர்களின் நினைவுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட்தான். முதலில் உருவாக்கிய சைபேஸ், குழப்பத்தைத் தவிர்க்கத் தன் பொருளின் பெயரையே அடாப்டிவ் சர்வர் என்று மாற்றிக்கொண்டது. 

மதுரைக் கடையின் நிலை இதைவிடச் சிக்கலாக இருக்கலாம். தயாரிப்பாளரோடு மனக்கசப்பு வந்து, கடை வேறொரு மென்பொருளுக்கு மாறி, தன் முகவரியை அங்கே திருப்பிவிட்டால், திங்கட்கிழமை காலையில் 60 மருத்துவமனைகளும் அதே முகவரியில் நுழைந்து தங்கள் நோயாளிகள் யாரையும் காணாமல் விழிக்கும். கடை பணம் கட்டாமல் போனாலோ, தயாரிப்பாளர் கணக்கை முடக்குவார். ஓராண்டுப் பணத்தை ஒழுங்காகக் கட்டிய மருத்துவமனைகளும் சேர்ந்து முடங்கும்.

விலகிய பிறகு கடை போட்டி மென்பொருளை விற்கக் கூடாது என்று எழுதி வைத்தால் போதாதா என்று தயாரிப்பாளர் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதவை என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு; கோக கோலாவுக்கும் குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடையை ஏற்றது. முடிந்த பின்னும் நீளும் தடையை நம்பித் தொழில் செய்ய முடியாது.

எனவே நல்ல ஒப்பந்தங்கள் தடையைவிடப் பிரியும் முறையை விரிவாக எழுதுகின்றன. இரு தரப்பும் விலகும் முடிவைச் சொன்ன நாளிலிருந்து 90 நாளுக்கு மென்பொருள் பழைய விலையிலேயே ஓட வேண்டும். அதுவரை கடை முகவரியைத் திருப்பக் கூடாது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் தரவை எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாகத் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும். கடை பணம் கட்டாவிட்டால், முடக்கும் முன் தயாரிப்பாளர் மருத்துவமனைகளுக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தந்து, நேரடியாகச் சந்தா கட்டும் வாய்ப்பையும் தர வேண்டும். நேரே அணுகமாட்டேன் என்ற உறுதி அந்த ஒரு சூழலில் மட்டும் தளரும். பெயர் மாறாத ரீசெல்லர் விற்பனையில் இது எளிது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கிய நிறுவனம் ரீசெல்லரை மாற்ற நினைத்தால், தன் நிர்வாகக் கணக்கிலிருந்து ஒரு மாற்றக் குறியீட்டை எடுத்துப் புதிய ரீசெல்லரிடம் கொடுத்தால் போதும். அஞ்சல்களும் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒயிட் லேபிளில் அப்படி ஒரு குறியீடு தானாக அமைவதில்லை. அதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதித்தான் உண்டாக்க வேண்டும்.