அம்மாவுக்கு வீல்சேரும் சைவச் சாப்பாடும்: விமான நிறுவனத்துக்கு எழுதும் மின்னஞ்சல்

வயதான தாய்க்கோ தந்தைக்கோ வீல்சேரும் தனி உணவும் கேட்டு விமான நிறுவனத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலைப் பயண நாளன்று யாரும் எடுத்துப் படிப்பதில்லை. அது வந்து சேர்ந்ததும் ஓர் ஊழியர் அதிலுள்ள வேண்டுகோளை நாலெழுத்துக் குறியீடாக மாற்றி, டிக்கெட் பதிவில் ஏற்றிவிடுகிறார். செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கும், வீல்சேர் தள்ளுபவர்களை அனுப்பும் மேற்பார்வையாளருக்கும், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்துக்கும் போய்ச் சேருவது அந்தக் குறியீடுதான். ஆகவே, படித்தவுடன் எந்தக் குறியீட்டைப் போடுவது என்ற சந்தேகமே ஊழியருக்கு வராதபடி எழுதப்பட்டதே நல்ல மின்னஞ்சல்.

உதாரணமாக, சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக டொராண்டோவுக்கு மகள் வீட்டுக்குத் தனியே செல்லும் 74 வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் நடப்பார், ஆனால் படியேற முடியாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். முட்டைகூடச் சேர்க்காத சைவம். தமிழ் மட்டும்தான் பேசுவார்.

எந்த வீல்சேர்?

"வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. விமான நிறுவனங்கள் வீல்சேர் உதவியை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. WCHR என்றால், பயணி படியேறுவார், விமானத்துக்குள் நடப்பார். நிலையத்தின் நீண்ட தூரத்தைக் கடக்க மட்டும் வீல்சேர் வேண்டும். WCHS என்றால், விமானத்துக்குள் இருக்கைவரை நடப்பார், ஆனால் படியேற முடியாது. WCHC என்றால், நடக்கவே முடியாது. குறுகலான நாற்காலியில் வைத்து இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, WCHS தேவைப்படுபவருக்கு WCHR பதிவாகிவிடுவது. ஏரோபிரிட்ஜ் வழியாக ஏறும்வரை இந்த வேறுபாடு தெரியாது. விமானம் தூரத்தில் நின்று, பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிடும்போதுதான் சிக்கல் எழும். WCHS பதிவிருந்தால் நாற்காலியோடு விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள். WCHR என்றிருந்தால் அந்த வண்டி வராது. நம் உதாரணத் தாய்க்கு உரியது WCHS.

ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். விமானப் பணியாளர்கள் கழிவறைக் கதவுவரை துணைக்கு வருவார்கள். உள்ளே வந்து உதவ மாட்டார்கள். ஊட்டிவிடுவதும் மருந்து கொடுப்பதும் அவர்கள் வேலையல்ல. இவற்றுக்கு ஆள் தேவைப்படும் முதியவரோடு ஒரு துணை செல்ல வேண்டும்; WCHC பயணிக்குத் துணை கட்டாயம் என்று சில நிறுவனங்கள் சொல்லவும் கூடும்.

கணவனும் மனைவியுமாகச் செல்லும்போது ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய ஒரு முதிய தம்பதிக்கு ஒரே ஒரு வீல்சேர்தான் கிடைத்தது. மற்றொன்று வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 80 வயதான கணவர் மனைவியைப் பிரியாமல் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து உயிரிழந்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. எனவே இருவருக்கும் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இரண்டாவது நாற்காலி வரும்வரை இருவரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பதையும் வீட்டிலேயே அழுத்திச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எந்தச் சாப்பாடு?

உணவுக்கும் குறியீடுகள் உண்டு. AVML என்பது இந்தியச் சமையல் முறையிலான சைவம். பால், தயிர், நெய் இருக்கலாம். VGML என்பதில் பால் பொருள்களும் கிடையாது. பெரும்பாலும் மேலைநாட்டுச் சமையலாக, வேகவைத்த காய்கறியும் ரொட்டியுமாக வரும். VLML சைவம்தான் என்றாலும் அதில் முட்டை இருக்கலாம். VJML வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத சமண உணவு. சைவம் என்ற ஒரே எண்ணத்தில் VLML கேட்டுவிட்டு, தட்டில் ஆம்லெட்டைப் பார்த்துச் சாப்பிடாமல் மூடிவைக்கும் முதியவர்கள் உண்டு.

சர்க்கரை நோயாளிக்கான உணவு DBML. சர்க்கரையும் கொழுப்பும் குறைத்துச் செய்யப்படும் இந்த உணவு சைவமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. கோழியோ மீனோ இருக்கலாம். பொதுவாக ஒரு பயணிக்கு ஒரு குறியீட்டைத்தான் பதிவு ஏற்கும். அதனால் "சர்க்கரை நோய்க்கான சைவ உணவு" என்று கேட்டால், ஊழியர் DBML மட்டும் போட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. சைவத்தை விட முடியாத தாய்க்கு AVML கேட்பதே சரி. அதோடு வரும் இனிப்பையும் பழச்சாற்றையும் ஒதுக்கிவிட்டு, சோற்றில் பாதியை மட்டும் சாப்பிடச் சொன்னால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். மருத்துவக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தால், சைவ நீரிழிவு உணவு தர முடியுமா என்று மின்னஞ்சலில் தனிக் கேள்வியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

எப்போது அனுப்புவது?

தனி உணவுக்குப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகவும் வீல்சேருக்கு 48 மணி நேரம் முன்னதாகவும் சொல்ல வேண்டும் என்பது பொதுவான எல்லை. உணவு வகைக்கேற்பச் சில நிறுவனங்கள் கூடுதல் நேரம் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி, பயணி 48 மணி நேரம் முன்னதாகச் சொன்னால், விமான நிறுவனம் அதை 36 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே உதவி தருவது விமான நிலைய நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்குப் பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறும் தாய்க்கும் இந்த விதி பொருந்தும்.

சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன. 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானத்துக்கு 14-ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தை 13-ஆம் தேதி அதிகாலையிலிருந்து கணக்கிட வேண்டும். டிக்கெட் எடுத்த வாரத்திலேயே அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

மின்னஞ்சல்

தலைப்பு வரியிலேயே பதிவு எண்ணும் குறியீடுகளும் வழித்தடமும் இருக்க வேண்டும்:

```
PNR X7K2QM - WCHS + AVML - MAA-FRA-YYZ
```

டிராவல் ஏஜென்ட் தரும் எண்ணும் விமான நிறுவனத்தின் ஆறெழுத்துப் பதிவு எண்ணும் வேறுவேறாக இருக்கலாம். எழுத வேண்டியது விமான நிறுவனத்தின் எண். பெயரை டிக்கெட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். வீட்டில் ஓர் இனிஷியலோடு வழங்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ விரிந்து இரண்டு சொல்லாக இருக்கும். அந்த விரிந்த வடிவமே வேண்டும்.

உள்ளே எழுத வேண்டியதைப் பின்வருமாறு அமைத்து ஆங்கிலத்தில் அனுப்பலாம்:

"மேற்கண்ட பதிவில் என் தாய் (வயது 74) தனியே பயணம் செய்கிறார். முழங்கால் தேய்மானத்தால் அவரால் படியேற முடியாது. விமானத்துக்குள் இருக்கைவரை மெதுவாக நடப்பார். சென்னை, ஃபிராங்க்ஃபர்ட், டொராண்டோ மூன்று இடங்களிலும் WCHS உதவி வேண்டும். சொந்த வீல்சேர் கொண்டுவரவில்லை. இரண்டு விமானங்களிலும் AVML உணவு வேண்டும். அவர் முட்டை சாப்பிடுவதில்லை. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டொராண்டோவில் அழைத்துச் செல்பவர் நான். என் கைபேசி எண் கீழே உள்ளது. திரும்பும் பயணத்துக்கும் இதே உதவிகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு விமானத்துக்கும் உறுதியானதா என்று பதில் அனுப்புங்கள்."

இதில் நோய்களின் நீண்ட வரலாறு இல்லை என்பதைக் கவனிக்கலாம். முதுமையாலும் மூட்டு வலியாலும் வீல்சேர் கேட்பவருக்கு வழக்கமாக மருத்துவச் சான்று தேவையில்லை. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர் போன்றோருக்கு மட்டும் MEDIF என்ற படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கச் சொல்வார்கள். தேவையில்லாமல் நோய்களை அடுக்கினால், அந்தப் படிவத்தைக் கேட்டு வேலை தாமதமாகும்.

உறுதியானதா என்று அறிவது

"உங்கள் வேண்டுகோள் பெறப்பட்டது" என்ற பதில் உறுதி ஆகாது. பதிவில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு நிலை உண்டு. HK என்றால் உறுதியாகிவிட்டது. NN அல்லது PN என்றால் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. UC என்றால் முடியாது என்று பதில் வந்துவிட்டது. நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பார்த்தாலும், டிராவல் ஏஜென்ட்டைக் கேட்டாலும் நிலை தெரியும்.

இரண்டாவது விமானத்தை வேறொரு நிறுவனம் இயக்கும்போதுதான் பெரும்பாலும் ஓட்டை விழுகிறது. முதல் விமானத்துக்கு HK இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து செல்லும் விமானத்துக்கு PN என்றே நின்றுவிடும். அப்போது இயக்கும் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கும் அதே மின்னஞ்சலை அனுப்ப வேண்டும். விமான நேரம் மாறினாலோ, வேறு விமானத்துக்கு மாற்றப்பட்டாலோ பழைய பதிவிலிருந்த குறியீடுகள் விடுபட்டுப் போகலாம். நேர மாற்றச் செய்தி வந்தவுடன் மறுபடி சரிபார்ப்பது அவசியம்.

எல்லாம் உறுதியான பிறகும் உணவு ஏற்றப்படாமல் போகும் நாள் உண்டு. சர்க்கரை மாத்திரை போடுபவர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்பதால், இட்லிப் பொடி தடவிய இட்லியோ காய்ந்த சப்பாத்தியோ கைப்பையில் இருக்கட்டும். தயிரும் தொக்கும் திரவக் கணக்கில் சேர்ந்து பாதுகாப்புச் சோதனையில் தங்கிவிடும். மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

புறப்படும் முன்பு உறுதி பெற்ற பதிலை அச்சிட்டு, அதன் மேல் மகளின் கைபேசி எண்ணையும் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள். மொழி தெரியாத நிலையத்தில் அவர் அந்தத் தாளை நீட்டினாலே போதும்.