சீக்கிரம் கொடுத்தால் தள்ளுபடி, தாமதித்தால் கட்டணம்: பில்லில் எழுத வேண்டிய இரண்டு வரிகள்

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் தொடங்கி குரோம்பேட்டை, பல்லாவரம், மறைமலை நகர் வரை நிறுவனங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறைய. அவற்றுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர்கள், அட்டைப்பெட்டி செய்பவர்கள், பலகாரம் அனுப்புபவர்கள் எனச் சிறு சப்ளையர்களும் ஏராளம். சரக்கு சொன்ன நாளில் போய்விடுகிறது. பணம்தான் சொன்ன நாளில் வருவதில்லை. துணிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் நாம் கைக்காசைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இதற்கு வியாபாரத்தில் இரண்டு பழைய வழிகள் உண்டு. சீக்கிரம் கொடுப்பவருக்குச் சிறு தள்ளுபடி, தாமதிப்பவருக்குத் தாமதக் கட்டணம். இரண்டிலுமே தொகையை எவ்வளவு என்று வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டு மாடியில் நான்கு தையல் இயந்திரங்களோடு யூனிட் நடத்தும் ஒரு பெண், 200 செட் சீருடையை செட் 500 ரூபாய்க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் 1,00,000 ரூபாய். 5% ஜி.எஸ்.டி. சேர்த்து 1,05,000. பணம் தர 30 நாள் தவணை. எல்லாச் செலவும் போக அவருக்கு நிற்பது 12,000 ரூபாய்.

தள்ளுபடி எவ்வளவு?

‘10 நாளில் கொடுத்தால் 2% தள்ளுபடி’ என்பது பலர் யோசிக்காமல் எழுதும் வரி. 2% என்றால் 2,000 ரூபாய். கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் அவருடைய லாபத்தில் அது ஆறில் ஒரு பங்கு.

அது கட்டுப்படியாகுமா என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும். பணம் வரும்வரை சமாளிக்க நீங்கள் என்ன வட்டிக்குக் கடன் வாங்குகிறீர்கள்? மாதம் இரண்டு வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000. முப்பதாம் நாள் வரவேண்டிய பணம் பத்தாம் நாளே வந்தால் 20 நாள் வட்டி மிச்சம், அதாவது சுமார் 1,333 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க 2,000 கொடுப்பது நஷ்டம். இவருக்கு 1% சரியான அளவு. நகைக்கடனை மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கிச் சமாளிப்பவருக்கு மிச்சமாவது 667 ரூபாய்தான். அவருக்கு 1% கூட அதிகம். அரை சதவிகிதம் போதும்.

ஆனால் கணக்கை பில்லில் எழுதிய நாளை வைத்துப் போடக் கூடாது. அந்த வாடிக்கையாளர் வழக்கமாக எந்த நாளில் கொடுக்கிறார் என்று பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் போட வேண்டும். 30 நாள் என்று எழுதிவிட்டு அறுபதாம் நாள் கொடுப்பவர் பத்தாம் நாளே கொடுத்தால், மிச்சம் 50 நாள் வட்டி. மாதம் இரண்டு வட்டிக்கு அது 3,333 ரூபாய். அவருக்கு 2% கொடுத்தாலும் லாபமே. எல்லோருக்கும் ஒரே தள்ளுபடியை அச்சடிக்காமல், ஆளைப் பார்த்து கொட்டேஷனில் எழுதச் சொல்வது இதனால்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. முப்பத்தைந்தாம் நாள் பணம் அனுப்புவார்கள், தள்ளுபடியையும் கழித்துக்கொண்டு! இதைத் தடுக்க, பில்லை முழுத் தொகைக்கே போடுங்கள். பணம் பத்து நாளுக்குள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு தள்ளுபடிக்குத் தனியாக கிரெடிட் நோட் கொடுத்து, அந்தத் தொகையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தள்ளுபடி பற்றிச் சரக்கு அனுப்பும் முன்பே எழுத்தில் பேசி, கிரெடிட் நோட்டில் பில் எண்ணையும் குறிப்பிட்டு, வாங்குபவரும் அதற்குரிய வரி வரவைத் திருப்பிக் காட்டினால், தள்ளுபடித் தொகைக்கான ஜி.எஸ்.டி.யும் குறையும்.

தாமதக் கட்டணம் எவ்வளவு?

மாதம் 1.5% என்பது, அதாவது வருடத்துக்கு 18%, நியாயமான அளவு. நம் எடுத்துக்காட்டில் 1,05,000 ரூபாய்க்கு மாதம் 1,575 ரூபாய். கோபத்தில் 5%, 10% என்று எழுதினால் வழக்கு என்று வரும்போது நிற்காது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை எவ்வளவானாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். கட்டணம் வசூலானால் அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கைக்கு வரும்போது அதைக் கட்டினால் போதும்.

இந்த வரி பில்லில் மட்டும் இருந்தால் பலமில்லை. ‘சரக்கு வந்த பிறகுதானே சொன்னீர்கள்’ என்பார்கள். கொட்டேஷனில் எழுதி, அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரிலும் வரச் செய்து, பில்லில் மறுபடி எழுத வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

‘சரக்கு பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். 10 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வரவானால் வரி நீங்கிய தொகையில் 1% தள்ளுபடி. 30 நாளுக்குப் பின் நிலுவைக்கு மாதம் 1.5% கட்டணம்.’

நாள் எண்ணுவது சரக்கு பெற்ற நாளிலிருந்து என்பதால், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குவது கட்டாயம்.

கட்டணத்துக்குப் பின்னால் உள்ள சட்டம்

‘கட்டணம் போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே’ என்ற பயம் நியாயமானதுதான். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் இதை வசூலிப்பது கடினம். அவருக்கு இது பேரம் பேசும் கருவி: ‘இந்த வாரம் முழுப்பணமும் வந்தால் கட்டணத்தை விட்டுவிடுகிறேன்.’

அதைவிடப் பலமானது உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6% என்றால் வட்டி 18%. நீங்கள் கட்டணமே எழுதாவிட்டாலும் இது உண்டு. ஆர்டர் வாங்கும் முன்பே பதிவு செய்திருப்பது பாதுகாப்பு.

வாங்குபவரின் ஆடிட்டருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) என்று கொண்டுவந்த விதிப்படி, இந்த நாள் கெடுவுக்குள் பணம் தராத செலவை, பணம் தரும் ஆண்டில்தான் அவர்கள் கழிக்க முடியும். அதனால் உங்கள் உத்யம் எண் பில்லில் இருந்தால், மார்ச் மாதம் உங்கள் பில் மேலே வர வாய்ப்பு அதிகம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த விதியின் பலன் கிடைக்காது. தயாரிப்பாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான்.

எதற்கும் அசையாதவர்மீது குறு, சிறு நிறுவன வசதியாக்கக் குழுவில் மனு போடலாம். அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் வாங்கியவர் 75% தொகையை முதலில் கட்ட வேண்டும். ஆனால் மனு போட்ட பிறகு அந்த உறவு பெரும்பாலும் முறிந்துவிடும். இனி அவருக்குச் சரக்கு அனுப்பப் போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு எடுக்க வேண்டிய அடி அது. மற்றவர்களுக்கு, தவணைக்கு ஐந்து நாள் முன்பு பில் நகலோடு ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள். அனுப்ப வேண்டியது நம்மிடம் ஆர்டர் தந்த மேனேஜருக்கு மட்டுமல்ல, பணத்தைப் பாஸ் செய்யும் அக்கவுண்ட்ஸ் ஆளுக்கும்தான்.