பத்தாம் நாள் ஜுரம்

தலைமுடி உதிர்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. வாந்தி எடுத்தால் வீட்டாருக்குத் தெரிகிறது. ஆனால், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்களுக்கு எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. அது சத்தம் போடாமல் வரும். வந்தால், 'சாதாரண ஜுரந்தானே' என்று நாமே அதற்குப் பாய் விரித்துப் படுக்க வைத்துவிடுவோம்!

நம் செங்கல்பட்டு ஜில்லாவில் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சிகிச்சைக்காகப் பஸ் ஏறுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சிலர். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சிலர். 'கரண்டு வைப்பது' என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு வேறு; நாம் பேசப்போவது 'கீமோ' என்கிற மருந்தைப் பற்றி. ஒரு நாளில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீதி இருபது நாட்களும் வீடுதான் ஆஸ்பத்திரி. மருமகளோ மகனோதான் நர்ஸ்.

இந்த மருந்து செய்வதென்ன? வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அது தாக்குகிறது. புற்று அணு வேகமாகப் பெருகுவது, ஆகவே அழிகிறது. ஆனால் நம் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் உண்டே! முடியின் வேரில் இருப்பவை அடிபட்டால் முடி கொட்டுகிறது. வாயின் உள்தோல் அடிபட்டால் புண். குடலின் உள்தோல் அடிபட்டால் பேதி. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை அடிபட்டால், அங்கே உற்பத்தியாகும் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. கிருமிகளோடு சண்டை போடும் சிப்பாய்கள் இவர்கள்தாம். பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் இவர்கள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வந்துவிடும். பிறகு மெல்ல ஏறும்.

இந்தச் சிப்பாய்களில் முக்கியமானவர்களுக்கு 'நியூட்ரோஃபில்' என்று பெயர். ஒரு சொட்டு ரத்தத்தில் பரிசோதனைக்கு எடுக்கும் மிகச் சிறிய அளவில் சாதாரணமாக இரண்டாயிரத்துக்கு மேல் இருப்பார்கள். அது ஐந்நூறுக்குக் கீழே போனால் கிருமி தாக்கும் அபாயம் மிகவும் அதிகம். இந்தக் கணக்கை 1966-ல் அமெரிக்காவில் போடி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ரத்தப் புற்று நோயாளிகளிடம் எண்ணிப் பார்த்து நிலைநாட்டினார்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். சாதாரணமாகக் கிருமி புகுந்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். சீழ் என்பதே செத்துப்போன வெள்ளை அணுக்களின் குவியல்தான். சிப்பாய்களே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? ஆகவே புண்ணும் தெரியாது, வீக்கமும் தெரியாது. ஜுரம் ஒன்றே அடையாளம். அந்த ஒரே அடையாளத்தையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் ஒரு மாமியார் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மார்பில் புற்று. செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றி வந்தார். அடுத்த வாரம் வியாழன் பத்தாம் நாள். சாயங்காலம் உடம்பு சில்லென்று நடுங்குகிறது.

"கடல் காத்து ஒத்துக்கல. ஒரு மாத்திரை குடு, காலையில சரியாப் பூடும்" என்கிறார் மாமியார்.

"இரு அத்தே, மொதல்ல பார்த்துடுவோம்" என்று தர்மாமீட்டரை எடுக்கிறாள் மருமகள்.

அவள் செய்ததைக் கவனியுங்கள். மாமியார் அப்போதுதான் காப்பி குடித்திருந்ததால் அரைமணி பொறுத்தாள். பிறகு நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தாள். 101 டிகிரி! எல்லை 100.4. அதைத் தொட்டாலே, இரவா பகலா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். வாயில் புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம். ஆனால் அங்கே ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும். ஆகவே 99.5 என்றாலே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். நடுக்கமோ, மயக்கமோ, மூச்சுத் திணறலோ இருந்தால் ஜுரமே இல்லாவிட்டாலும் போக வேண்டியதுதான். ஏனென்றால், வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஜுரத்தை மறைக்கக்கூடியது.

மருமகள் மாத்திரை கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஊசி போடுகிறவரையும் கூப்பிடவில்லை. 108-க்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். அவசரப் பிரிவில் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: "கீமோ ஏத்தி பத்து நாளாச்சு, இப்ப ஜுரம் நூத்தியொண்ணு." 'ஜுரம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள்!

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார்கள். பிறகு வந்த முடிவு: நியூட்ரோஃபில் முந்நூறு. சில நாட்களில் ஜுரம் தணிந்து, அணுக்களும் ஏறின. மறுநாள் காலை வரை காத்திருந்தால்? கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் விழுந்திருக்கலாம். அந்த நிலையிலிருந்து மீட்பது எளிதல்ல.

சரி, கிருமி எந்த வழியாக வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல. நம் வாயிலும் குடலிலும் குடியிருப்பவைதான் புண்ணான இடத்தில் புகுகின்றன. ஆகவே வாயைக் காப்பது வாசலைக் காப்பது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. தினம் நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பி, பிறகு வெறும் நீரால் கழுவ வேண்டும். வேப்பங்குச்சி வேண்டாம், மெத்தென்ற பிரஷ் போதும். பேதி வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமானாலோ, ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

மீன் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். நன்றாக வேகவைத்த புதிய மீன் தாராளமாகச் சாப்பிடலாம். உடம்பு தேறப் புரதம் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் மீன் ஆய வேண்டாம். முள் ஒன்று குத்தினால் அதுவே கிருமிக்குக் கதவு. பழையதும் வேண்டாம், சமைத்த சோற்றைச் சூட்டோடு சாப்பிடட்டும்.

அடுத்த தடவை மருந்து ஏற்றும்போது இந்த ஜுரக் கதையை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். நாளைத் தள்ளிப் போடலாம்; அளவைக் குறைக்கலாம்; வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி போடலாம். அதை முடிவு செய்ய அவருக்கு இந்தத் தகவல் தேவை.

கடைசியாக, ஒரு காகிதத்தில் நாலே வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மருந்து ஏற்றிய தேதி, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வரும் தேதிகள், ஆஸ்பத்திரி வார்டின் போன் நம்பர், '100.4 - மாத்திரை வேண்டாம், கிளம்பு.' தர்மாமீட்டரை அந்தக் காகிதத்தின் பக்கத்திலேயே ஆணியில் தொங்க விடுங்கள். பரணில் வைத்தால் ராத்திரியில் கிடைக்காது.