நிலம் அளந்த கதை – 14: மாட வீதியில் தொலைந்த ஐந்தரை சென்டிமீட்டர்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், டிசம்பர் மாதத்து விடியற்காலை. கோலப்பொடி வண்டிகள் வருமுன் அளந்துவிடலாம் என்று இறங்கியிருந்தோம். சாலையில் அடித்த இரண்டு ஆணிகளுக்கும் ஜிபிஎஸ் கருவி கொடுத்த ஆயங்கள் கையில் இருந்தன. அவற்றின்படி இடைத்தூரம் 179.944 மீட்டர். 30 மீட்டர் ஸ்டீல் டேப்பை ஆறு முறை இழுத்துப் பிடித்ததில் வந்தது 180.000. டேப் பிடித்தவர் என்னைப் பார்த்தார். "போன மே மாசம் இதே ஆணியைத்தானே அளந்தோம், அப்போ சரியா வந்துச்சே சார்?"

வந்தது உண்மைதான். அந்தச் சங்கடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த ஐந்தரை சென்டிமீட்டர் எங்கே போனது? டேப் கிடப்பது தரையில். ஆயங்கள் இருப்பது யூடிஎம் என்ற தட்டைக் கட்டத்தில். சென்னை அதன் 44ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. நடுக்கோடு கிழக்கு 81 பாகை. நடுக்கோட்டில் வேண்டுமென்றே எல்லாத் தூரத்தையும் 0.9996 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து விலக விலகச் சுருக்கம் குறைந்து, சுமார் 180 கிலோமீட்டரில் இல்லாமலே போகும். மயிலாப்பூரின் கிழக்கு ஆயம் 420,800 மீட்டர் அளவில். நடுக்கோட்டுக்கு 500,000 என்பதால், நாம் சுமார் 79,200 மீட்டர் மேற்கே இருக்கிறோம்.

```
k = 0.9996 × (1 + x² / 2R²)
x = 79,200   R = 6,359,000
k = 0.999678
```

இது கட்டத்தின் பங்கு. அடுத்தது உயரத்தின் பங்கு. மலைமேல் அளந்த தூரத்தைக் கீழே இறக்கினால் சுருங்கும். மாட வீதியோ கடல்மட்டத்திலிருந்து ஏழெட்டு மீட்டர்தான், அதை விட்டுவிடலாம் என்று தோன்றும். பாடப்புத்தகத்தை நம்பிப் பலரும் வழுக்குகிற இடம் இதுதான். கணக்குக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல. ஜிபிஎஸ் பயன்படுத்தும் எலிப்சாய்டு என்ற கணிதப் பரப்பிலிருந்து உயரம். இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்த பெரும்பள்ளம் ஒன்று உண்டு. அதன் தயவில் சென்னையின் கடல்மட்டமே எலிப்சாய்டுக்குக் கீழே ஏறத்தாழ 90 மீட்டரில் கிடக்கிறது. ஆக, மாட வீதியின் உயரம் மைனஸ் 83. ஜிபிஎஸ் திரையில் மைனஸைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்!

```
h = −83
R / (R + h) = 1.000013
0.999678 × 1.000013 = 0.999691
180.000 × 0.999691 = 179.944
```

இரண்டையும் பெருக்கி வந்த 0.999691தான் கூட்டு ஸ்கேல் ஃபேக்டர். டேப் தப்பில்லை, ஜிபிஎஸ்ஸும் தப்பில்லை. தி.நகர் இன்னும் மேற்கே இருப்பதால் அங்கே 0.999698 வரும், அடையாறு இடையில். கிலோமீட்டருக்கு ஏழு மில்லிமீட்டர் வித்தியாசத்தை டேப் கண்டுபிடிக்காது. மூன்று பேட்டைக்கும் ஒரே எண் போதும்.

இனி மே மாதம். டேப்புகள் 20 டிகிரி செல்சியஸில் சரியாக இருக்கும்படி செய்யப்படுகின்றன. அன்று நண்பகல் தார்ச்சாலையில் டேப் 43 டிகிரியைத் தொட்டிருக்கும். எஃகு ஒரு டிகிரிக்கு 0.0000115 பங்கு நீளும். 180 மீட்டரில் 23 டிகிரிக்கு 4.8 சென்டிமீட்டர். நீண்ட டேப் குறைத்துக் காட்டும் என்பதால் நாங்கள் படித்தது 179.952. கட்டத் தூரத்தோடு ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போய்விட்டது. இரண்டு திருத்தங்களையும் மறந்தோம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. டிசம்பர் குளிரில்தான் குட்டு வெளிப்பட்டது.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பரங்கிமலையருகே 1802 ஏப்ரலில் லாம்டன் தன் அடித்தளக் கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்திப் பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்திருந்தார். வெப்பத் திருத்தம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அந்த வரிசை இன்றும் மாறவில்லை.

பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் பிழை இரட்டிப்பாகி 11 சென்டிமீட்டர் ஆகும். டோட்டல் ஸ்டேஷனில் ஃபேக்டரைப் போட்டுவிட்டு, அலுவலகத்தில் மறுபடியும் பெருக்கினால் ஐந்தரை எதிர்ப்பக்கம் தலைகாட்டும். சோதிக்க, நீளம் வேறுபட்ட மூன்று கோடுகளை அளந்து பாருங்கள். வித்தியாசம் நீளத்தோடு சேர்ந்து வளர்ந்தால் ஃபேக்டரிலோ வெப்பத்திலோ கோளாறு. எல்லாவற்றிலும் ஒரே அளவாக நின்றால் ஏதோ ஓர் ஆணியைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

பரப்பில் இது இருமுறை பாயும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கட்ட ஆயங்களை வைத்துக் கணினி காட்டுவதோ 2,398.5. தி.நகரில் ஒன்றரை சதுர அடி என்றால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். பத்திரத்தில் ஏறுவது தரைப் பரப்பு என்பதால், கணினி எண்ணை ஃபேக்டரின் வர்க்கத்தால் வகுத்த பிறகே அவரிடம் காட்டுவேன்.