சொட்டும் குழாயும் பூனையின் தாகமும்

எங்கள் வீட்டுப் பூனைக்குத் தினமும் காலையில் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். அது கிண்ணத்தைக் கடந்து போய், குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்துகொள்ளும். சொட்டு விழ விழத் தலையைச் சாய்த்து நாக்கை நீட்டும்.

இதற்கு முதல் காரணம் கண். மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைப் பூனையால் தெளிவாகப் பார்க்க முடியாது. அசையாத தண்ணீரின் மட்டம் எங்கே தொடங்குகிறது என்பது அதற்குச் சட்டெனப் பிடிபடுவதில்லை. சில பூனைகள் முன்னங்காலை நனைத்துப் பார்த்துவிட்டுக் குடிப்பது அதனால்தான் போலும். சொட்டும் தண்ணீரோ மின்னுகிறது, சத்தம் போடுகிறது. அசைவையும் ஒலியையும் வைத்து வேட்டையாடும் பிராணிக்கு அதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதோடு கிண்ணத்துத் தண்ணீரில் தூசியும் சோற்றுப் பருக்கையும் விழும். பிளாஸ்டிக் கிண்ணமென்றால் கீறல்களில் வழவழப்பு படியும். குழாய்த் தண்ணீர் புதிது.

குழாயடியிலேயே பூனைக்குத் தாகம் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவில் ரோமன் ஸ்டாக்கர் என்ற ஆய்வாளரும் நண்பர்களும், அவர் வீட்டுப் பூனை குட்டா குட்டா குடிப்பதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பூனை மொண்டு குடிப்பதில்லை. நாக்கின் நுனியை மேற்பரப்பில் தொட்டு வெடுக்கென இழுக்கிறது. கூடவே மெல்லிய நீர்த்தூண் ஒன்று எழும்புகிறது; அது சரிவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 0.1 மில்லி. ஆக, நிமிடத்துக்குச் சுமார் 24 மில்லி.

குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு மூன்று மில்லிதான். அதிலும் பாதி தரையில் சிந்தும். குழாய் பூனையை அழைக்கிறது, ஆனால் வயிற்றை நிரப்புவது கிண்ணம்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் மின் ஊற்றுகளை வைத்துச் செய்த சோதனைகளிலும் சில பூனைகளே கூடுதலாகக் குடித்தன.

நாலு கிலோ பூனைக்கு, சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. இதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், வேட்டையிலேயே அதற்குத் தாகம் தணிந்தது. உலர் தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதையே தின்னும் பூனை அந்தக் குறையைக் குடித்து முழுதாக ஈடுகட்டுவதில்லை.

அதனால் அகலமான பீங்கான் கிண்ணத்தில் விளிம்புவரை நிரப்பி, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி வையுங்கள், தினமும் கழுவுங்கள். தீவனத்தில் வெந்நீர் தெளித்து ஊறவைத்துக் கொடுங்கள். ஆண் பூனை அடிக்கடி மண் தட்டுக்குப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.