நீர் மாத்திரையை இரவில் சாப்பிடலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

கால் வீக்கம், இதயச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்களில் பலர், இரவில் சிறுநீர் கழிக்க மூன்று, நான்கு முறை எழுகின்றனர். மாத்திரை சாப்பிடும் நேரமே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறேன். அதிலும் நீர் மாத்திரை இருக்குமா?

இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில், டெல்மிசார்டன் போன்ற மருந்துடன் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி. சேர்க்கப்பட்டிருக்கும். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களில் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசிமைடு, டார்சிமைடு, ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது நீர் மாத்திரை அடங்கியதே.

சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் சிறுநீர் அதிகமாக வரும்?

ஃபுரோசிமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, 6 முதல் 8 மணி நேரத்தில் ஓய்கிறது. டார்சிமைடும் ஏறக்குறைய இப்படித்தான். ஹைட்ரோகுளோரோதையசைடு இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி 12 மணி நேரம் வரை நீடிக்கும். குளோர்தாலிடோனின் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நீடிப்பதால், நேரத்தை மாற்றினாலும் அதில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

சீட்டில் இரண்டு வேளை என்று உள்ளது. காலை, இரவு என்று சாப்பிடுவது சரியா?

பெரும்பாலும் இங்குதான் தவறு நேர்கிறது. இரண்டு வேளை என்றாலே 1-0-1 என்று கொள்ளும் பழக்கத்தில் ஃபுரோசிமைடு 40 மி.கி. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சாப்பிடப்பட்டால், இரண்டாவது மாத்திரை இரவு 9 மணி முதல் அதிகாலை 2 மணி வரை தூங்க விடாது. அதே அளவைக் காலை 8, பிற்பகல் 2 என்று, அதாவது 1-1-0 ஆகப் பிரித்தால், 10 மணிக்குப் படுப்பவருக்கு அதற்குள் மருந்தின் வேகம் அடங்கிவிடும். இரண்டாவது வேளையை மாலை 4 மணிக்கு மேல் தள்ளக் கூடாது. சீட்டில் 1-0-1 என்றே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரையை இரவில் சாப்பிட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

பிரிட்டனில் 21,104 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே நீர் மருந்து கலந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றுவதால் பாதுகாப்பு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

காலையில் மட்டுமே சாப்பிட்டும் இரவில் எழ வேண்டியிருப்பது ஏன்?

பகல் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போது கணுக்காலில் நீர் தேங்குகிறது. படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. காலையில் சாப்பிட்ட மருந்தோ அதற்குள் ஓய்ந்திருக்கும். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால், இந்த நீரின் ஒரு பகுதி படுக்கும் முன்பே வெளியேறும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்பது பயன்தரும்.

காரணம் மருந்தா, வேறு நோயா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். மூன்று நாள்களுக்கு, ஒவ்வொரு முறையும் வரும் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நேரத்துடன் எழுதிவைக்க வேண்டும். படுக்கும் முன் கழிப்பது பகல் கணக்கு, விழித்ததும் முதலில் கழிப்பது இரவுக் கணக்கு. ஒரு நாளில் மொத்தம் 1,800 மி.லி., அதில் இரவில் 810 மி.லி. என்றால் அது 45 சதவீதம். 65 வயதைக் கடந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே, இரவில் சிறுநீர் அதிகம் உற்பத்தியாகிறது என்று பொருள். மாறாக, ஒவ்வொரு முறையும் 80, 100 மி.லி. மட்டுமே வந்தால் சிறுநீர்ப்பை அல்லது புராஸ்டேட் கோளாறாக இருக்கலாம்.

அப்படியானால் மாத்திரையைப் பிற்பகலில் சாப்பிடலாமா?

இரவுக் கணக்கு அதிகமாக உள்ள சிலருக்கு, படுப்பதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு ஃபுரோசிமைடு கொடுத்து, தேங்கிய நீரை மாலைக்குள் வெளியேற்றும் முறை உண்டு. சோடியம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகு மருத்துவர் மட்டுமே இதை முடிவு செய்ய வேண்டும்.

காலையில் மறந்துவிட்டாலோ, பஸ்ஸில் போக வேண்டியிருந்தாலோ?

பிற்பகலுக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம். மாலை 4 மணி கடந்துவிட்டால் அன்றைய மாத்திரையை விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான அளவையே சாப்பிட வேண்டும், இரட்டிப்பாக அல்ல. பயண நாளில் ஊர் போய்ச் சேர்ந்த பின் சாப்பிடுவது போலச் சில மணி நேரம் தள்ளிவைப்பது குறித்து, மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

தூக்கம் கெடுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது; இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஓரிரு நாள்களிலேயே நீர் சேரத் தொடங்கலாம். மூன்று நாள்களுக்குள் எடை 2 கிலோ கூடினால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரவில் எழும்போது தலை சுற்றி விழ நேர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.